எந்தக் கோடு மேலே? வரைபடம் பார்த்து அசமன்பாடு தீர்க்கும் வழி

இரண்டு சார்புகளில் எது பெரியது என்று தெரிய வேண்டுமானால், இரண்டையும் ஒரே கிராஃப் தாளில் வரைந்து எது மேலே போகிறது என்று பார்த்துவிடலாம். f(x) > g(x) என்ற அசமன்பாடு கேட்பதும் அதைத்தான். ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் அடுக்கில் x உட்கார்ந்திருக்கிற சார்பு என்று வந்துவிட்டால், பள்ளியில் படித்த சூத்திரம் எதைப் போட்டாலும் x தனியே வெளியே வராது. அப்போது படம்தான் வழி.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். படம் வரைவதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. வரைந்த பிறகு அதிலிருந்து விடையை எடுக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் வரைவதைப் பற்றிக் கொஞ்சமும், படிப்பதைப் பற்றி நிறையவும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

x + 2 > x² என்பதை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் நேர்கோடு, வலப்பக்கம் பரவளையம். x-க்கு −2 முதல் 3 வரை மதிப்புக் கொடுத்தால், கோட்டுக்கு 0, 1, 2, 3, 4, 5 என்று கிடைக்கும். பரவளையத்துக்கு 4, 1, 0, 1, 4, 9. புள்ளிகளைக் குறித்து, கோட்டை ஸ்கேல் வைத்தும் பரவளையத்தைக் கையாலும் வரையுங்கள். கோட்டுக்கு நீலம், வளைவுக்குச் சிவப்பு என்று இரண்டு நிறம் இருந்தால் நல்லது. இரண்டும் (−1, 1), (2, 4) என்ற இரண்டு இடத்தில் வெட்டுகின்றன.

இப்போது தாளின் இடது ஓரத்தில் ஸ்கேலை நிமிர்த்தி, y-அச்சுக்கு இணையாக வையுங்கள். அப்படியே மெதுவாக வலது பக்கம் நகர்த்துங்கள். ஸ்கேல் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்விதான்: இந்த விளிம்பில் நீலம் மேலே இருக்கிறதா, சிவப்பு மேலே இருக்கிறதா? −2-இல் சிவப்பு மேலே. −1-இல் இரண்டும் ஒரே புள்ளி. 0-இல் நீலம் மேலே. 2-இல் மறுபடி ஒன்று சேர்கின்றன. 3-இல் சிவப்பு மேலே. நீலம் மேலே இருந்தபோது ஸ்கேல் x-அச்சில் எங்கிருந்து எங்கே வரை நகர்ந்தது? −1 முதல் 2 வரை. விடை −1 < x < 2.

நீலம் மேலே இருக்கிற பகுதிக்கு நேர் கீழே, x-அச்சின் மேலேயே பென்சிலால் தடிமனாக ஒரு கோடு இழுத்து வையுங்கள். விடை என்பது அந்தத் தடித்த கோடுதான். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் இரண்டு விதமாகத் தப்புப் போடுவார்கள். வெட்டும் புள்ளிகளின் உயரத்தைப் பார்த்து "1 முதல் 4 வரை" என்று எழுதுவது ஒன்று. எவ்வளவு உயரத்தில் வெட்டுகின்றன என்பது கேள்வியே இல்லை, x எங்கே இருக்கும்போது என்பதுதான் கேள்வி. இன்னொன்று, "மேலே" என்றதும் x-அச்சுக்கு மேலே என்று எடுத்துக்கொள்வது. நீலக் கோடு −2-ஐத் தாண்டியதும் அச்சுக்கு மேலே வந்துவிடுகிறது, அதனால் x > −2 என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கணக்கில் நீலத்தைச் சிவப்போடுதான் ஒப்பிடுகிறோம். இரண்டும் அச்சுக்குக் கீழே இருந்தால்கூட, அவற்றில் ஒன்று மற்றதைவிட மேலே இருக்கும்.

முனைகளைச் சேர்ப்பதா விடுவதா என்பது குறியைப் பொறுத்தது. > என்றால் சமமாக இருக்கிற −1, 2 இரண்டும் விடையில் சேராது. ≥ என்றால் சேரும்.

இப்போது வட்டிக் கணக்கு

மேலே பார்த்த கணக்கைப் படம் இல்லாமலும் போட்டுவிடலாம். படம் இல்லாமல் நகராத கணக்கு ஒன்றைப் பார்ப்போம். சித்தூர் தாலுகாவில் மாடு வாங்கக் கடன் கேட்கிற யாருக்கும் இது வரக்கூடிய கேள்வி.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சியில் ஒருவர் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்குத் தருகிறார், வட்டிக்கு வட்டி கிடையாது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் இன்னொருவர் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்தான் கேட்கிறார், ஆனால் கட்டாத வட்டி மாதா மாதம் முதலோடு சேர்ந்துவிடும். இரண்டு இடத்திலும் நடுவில் எதுவும் கட்டாமல், கடைசியில் முதலும் வட்டியும் ஒன்றாகக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறோம். எத்தனை மாதத்துக்குள் முடித்தால் எது லாபம்?

"ஒன்றரைதானே சார் கம்மி, அப்புறம் எதுக்குப் படம்?" என்று ஒரு பையன் கேட்டான். குறுகிய காலத்துக்கு அவன் சொல்வது சரி. எவ்வளவு காலம் வரைக்கும் சரி என்பதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்.

நூறு ரூபாய் கடனுக்கு x மாதம் கழித்துக் கட்ட வேண்டிய தொகையை எழுதுவோம். தனிவட்டிக்கு f(x) = 100 + 2x. கூட்டுவட்டிக்கு g(x) = 100 × 1.015ˣ. கூட்டுவட்டி மலிவாக இருக்கும் காலம் f(x) > g(x) என்பதன் விடை. கடன் ஐம்பதாயிரமாக இருந்தாலும் இரண்டு தொகையும் ஐந்நூறு மடங்காகும், அவ்வளவுதான். வெட்டுகிற மாதம் மாறாது. அதனால் நூறுக்கே வரையலாம்.

ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு புள்ளி போதும். 12-ஆம் மாதம் தனிவட்டியில் 124, கூட்டுவட்டியில் 119.56. 24-இல் 148, 142.95. 36-இல் 172, 170.91. 48-இல் 196, 204.35. பட்டியலைப் பார்த்தாலே கதை தெரிகிறது: 36 வரை தனிவட்டித் தொகை அதிகம், 48-இல் கூட்டுவட்டித் தொகை முந்திவிட்டது. வெட்டும் இடம் இரண்டுக்கும் நடுவில்.

சரி, படத்தில் அது எங்கே என்று பார்க்கப் போனால் கண் ஏமாறுகிறது. x-அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 6 மாதம், y-அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 20 ரூபாய் என்று அளவுத்திட்டம் வைத்தால், முதல் மூன்று வருடத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கிற அதிகபட்ச இடைவெளி ஏறக்குறைய ஐந்து ரூபாய். தாளில் அது இரண்டரை மில்லிமீட்டர்தான். 36-ஆம் மாதத்தில் அரை மில்லிமீட்டர், அதாவது பென்சில் கோட்டின் தடிமன். வெட்டும் இடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வில் போகின்றன. அதனால் ஒன்றையொன்று வெட்டாமல் ஒட்டிக்கொண்டே போவது போலத் தெரியும். ஒருவர் 35 என்பார், பக்கத்தில் இருப்பவர் 40 என்பார். இருவர் வரைந்ததிலும் தவறு இருக்காது.

இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று நன்றாகச் சாய்ந்து வெட்டினால் புள்ளி கூர்மையாகக் கிடைக்கும், கண்ணை நம்பலாம். ஒட்டினாற்போல் வெட்டினால் நம்பக் கூடாது. எப்படித் தெரிந்துகொள்வது? வெட்டும் இடத்தில் பென்சில் முனையை வைத்துப் பாருங்கள். முனை மூடுகிற இடத்துக்குள் இரண்டு கோடும் எவ்வளவு தூரம் பிரியாமல் போகின்றன, அந்தத் தூரம் x-அச்சில் எத்தனை மாதம் என்று கணக்கிடுங்கள். அவ்வளவு பிழை உங்கள் விடையில் இருக்கிறது.

வித்தியாசத்தை வரையுங்கள்

இதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு. இரண்டு வரைபடத்தையும் தள்ளி வைத்துவிட்டு d(x) = f(x) − g(x) என்ற ஒற்றை வரைபடத்தை வரையுங்கள். f மேலே இருக்கும் இடத்தில் d நேர்மறை, அதாவது x-அச்சுக்கு மேலே. g மேலே வரும் இடத்தில் d அச்சுக்குக் கீழே. முதல் கணக்கில் அச்சோடு ஒப்பிடக் கூடாது என்றேன். இங்கே கழித்துவிட்டதால் அச்சோடு ஒப்பிடுவதுதான் முறை.

மதிப்புகளைப் பாருங்கள். 0-இல் 0. 12-இல் 4.44. 24-இல் 5.05. 36-இல் 1.09. 48-இல் −8.35. இப்போது y-அச்சில் நூறையும் இருநூறையும் தாங்க வேண்டியதில்லை, ஒரு சென்டிமீட்டருக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பைவிடப் பத்து மடங்கு பெரிதாகிவிட்டது. வளைவு 0-இல் கிளம்பி, 20-ஆம் மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கி, அச்சை நன்றாகச் சாய்ந்து வெட்டிக்கொண்டு கீழே போகிறது. 35-ஆ 40-ஆ என்ற சண்டைக்கு இடமில்லை, 38-க்குப் பக்கத்தில் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த இடத்தைச் சுற்றி மட்டும் கால்குலேட்டரில் இரண்டு மதிப்பு எடுங்கள். 37-இல் f = 174, g = 173.48, வித்தியாசம் 0.52. 38-இல் f = 176, g = 176.08, வித்தியாசம் −0.08. குறி மாறிவிட்டது. அதனால் வெட்டும் புள்ளி 37-க்கும் 38-க்கும் நடுவில், 38-ஐ ஒட்டி இருக்கிறது, ஏறக்குறைய 37.9.

வேறு எங்காவது இன்னொரு முறை வெட்டினால் என்ன செய்வது? இங்கே அந்தப் பயம் இல்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. g எப்போதும் மேல்நோக்கியே வளைகிற சார்பு. அப்படிப்பட்ட வளைவை ஒரு நேர்கோடு இரண்டு இடத்துக்கு மேல் வெட்ட முடியாது. ஒன்று x = 0, கடன் வாங்கிய நாள்; அன்று இரண்டு இடத்திலும் நூறு ரூபாய்தான். இன்னொன்று 37.9. இரண்டும் கிடைத்துவிட்டன, தேடுவதை நிறுத்தலாம்.

அசமன்பாட்டின் விடை 0 < x < 37.9. ஆனால் வட்டி மாதக் கணக்கில்தான் போடுகிறார்கள். ஆகவே 1 முதல் 37 மாதம் வரை முடித்தால் ஒன்றரை வட்டி லாபம், 38-ஆம் மாதத்திலிருந்து இரண்டு வட்டி லாபம். படம் x = −5-இலும் ஏதோ காட்டும், கடனுக்கு அதில் பொருள் இல்லை, வெட்டிவிடுங்கள்.

இடைவெளியின் உயரமும் ஒரு செய்தி சொல்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய் கடனுக்கு 20-ஆம் மாதம் முடித்தால் கூட்டுவட்டியில் சுமார் 2,657 ரூபாய் மிச்சம். 38-ஆம் மாதம் முடித்தால் அதே கூட்டுவட்டியில் வெறும் 40 ரூபாய்தான் கூடுதல். 48 வரை இழுத்தால் சுமார் 4,174 ரூபாய் கூடுதல். எல்லைக்குப் பக்கத்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லையைத் தாண்டிப் போகப் போகத்தான் அடி விழும். 37.9 என்ற விடையை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது, d-யின் படத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியும்.

கேரளப் பள்ளிகளில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் கிடைக்கிறது, பிள்ளைகளுக்குப் பழக்கமானதும்கூட. கையால் போட்டதைச் சரிபார்க்க அதில் இப்படி ஒவ்வொரு வரியாகத் தட்டலாம்:

```
f(x) = 100 + 2x
g(x) = 100 * 1.015^x
d(x) = f(x) - g(x)
Intersect(f, g, 30, 45)
```

கடைசி வரியில் 30, 45 என்பது தேட வேண்டிய இடைவெளி. அது படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதைக் கையால் ஒருமுறை வரைந்தவர்தான் பொருத்தமாகக் கொடுக்க முடியும். அப்புறம் ஒன்று: இந்தக் கணக்கை உள்ளிட்டவுடன் திரையில் d-யின் ஒரு துண்டுதான் தெரியும், f, g இரண்டும் தெரியாது, ஏனென்றால் அவை 100-க்குப் பக்கத்திலும் மேலேயும் இருக்கின்றன, திரை பத்துப் பதினைந்தோடு நின்றுவிடும். அச்சுகளின் அளவை மாற்றினால் வந்துவிடும்.

தாளுக்கு வெளியே இருக்கும் வெட்டு

வட்டிக் கணக்கில் இரண்டு வெட்டுக்கு மேல் இல்லை என்று காரணத்தோடு சொல்ல முடிந்தது. எல்லாக் கணக்கிலும் அப்படி முடியாது. 2ˣ > x² என்பதை வரைந்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் x-க்கு 0, 1, 2, 3 என்று மதிப்புக் கொடுப்பார்கள். 2ˣ-க்கு 1, 2, 4, 8. x²-க்கு 0, 1, 4, 9. 2-இல் ஒன்றாகச் சேர்ந்து, 3-இல் x² மேலே போய்விட்டது. விடை x < 2 என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டுங்கள். 4-இல் இரண்டும் 16. 5-இல் 2ˣ 32 ஆகிறது, x² 25-தான். அதாவது 4-க்கு அப்புறம் 2ˣ மறுபடி மேலே. இடது பக்கம் −1-இல் 2ˣ 0.5, x² 1. ஆனால் 0-இல் 2ˣ தான் மேலே இருந்தது. அப்படியானால் −1-க்கும் 0-க்கும் நடுவில் ஒரு வெட்டு இருந்தாக வேண்டும். அது −0.77-க்குப் பக்கத்தில் இருக்கிறது. சரியான விடை: −0.77 < x < 2, அல்லது x > 4. இதில் −0.77 தோராயம், 2-உம் 4-உம் துல்லியம். எழுதும்போது அந்த வேறுபாட்டைக் காட்டுங்கள்.

எவ்வளவு தூரம் நீட்டினால் போதும்? படத்தின் இரண்டு ஓரத்திலும் எந்தச் சார்பு வேகமாக ஏறுகிறது என்று யோசித்து முடிவெடுக்க வேண்டும். வலது பக்கம் 2ˣ ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கிறது, x² அதோடு போட்டி போட முடியாது, அதனால் 4-க்கு அப்புறம் கவலை இல்லை. இடது பக்கம் 2ˣ பூச்சியத்தை நோக்கிச் சுருங்குகிறது, x² வளர்கிறது, அதனால் −0.77-க்கு இடப்பக்கமும் கவலை இல்லை. காரணம் இரண்டு வரியில் சொல்ல முடிந்தால் தாளை நீட்டுவதை நிறுத்தலாம். சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் நீட்டுங்கள்.

வெட்டாமலே மாறும் இடம், வெட்டியும் மாறாத இடம்

இதுவரை பார்த்ததில் மேல் கீழ் மாறியது வெட்டும் புள்ளியில் மட்டும். உடையாமல் தொடர்ந்து போகிற வரைபடங்களுக்கு அது எப்போதும் உண்மை. ஆனால் வெட்டும் புள்ளி வந்தாலே மாறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. x², 2x − 1 இரண்டும் x = 1-இல் தொட்டுக்கொள்கின்றன, தொட்டதும் பிரிந்துவிடுகின்றன. இரண்டு பக்கமும் x² தான் மேலே. x² > 2x − 1 என்பதற்கு விடை 1 தவிர எல்லா எண்களும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண்ணை எடுத்துப் போட்டுப் பார்க்காமல், "இங்கே மேலே, அடுத்தது கீழே, அடுத்தது மேலே" என்று தாளம் போட்டுக்கொண்டு போகக் கூடாது.

இதைவிட அதிகம் மதிப்பெண் போகிற இடம் உடைந்த வரைபடம். 1/x > x என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/x என்பது x = 0-இல் உடைகிறது: இடது துண்டு கீழே பாதாளத்துக்குப் போகிறது, வலது துண்டு மேலே வானத்திலிருந்து இறங்குகிறது. y = x என்ற கோடு இதை −1-இலும் 1-இலும் வெட்டுகிறது. வெட்டும் இடத்தை மட்டும் வைத்துத் துண்டு போட்டால் −1 முதல் 1 வரை ஒரே துண்டாகிவிடும். அதில் 0.5-ஐப் போட்டுப் பார்த்து, 2 > 0.5 சரி என்று முழுத் துண்டையும் விடையில் சேர்த்துவிடுவார்கள். −0.5-ஐப் போட்டால் −2 > −0.5 என்று வருகிறது, அது பொய்.

0-இல் இரண்டு வரைபடமும் சந்திக்கவே இல்லை, ஆனாலும் அங்கே மேல் கீழ் மாறிவிட்டது. ஆகவே x-அச்சில் குறிக்க வேண்டியவை வெட்டும் இடங்களும், ஏதாவது ஒரு சார்பு உடைகிற இடங்களும். இங்கே −1, 0, 1 என்று மூன்று. அவை அச்சை நான்கு துண்டாக்குகின்றன. −2-ஐப் போட்டால் −0.5 > −2, சரி. −0.5 பொய் என்று பார்த்தோம். 0.5 சரி. 2-ஐப் போட்டால் 0.5 > 2, பொய். தடித்த பென்சில் கோடு இரண்டு இடத்தில் விழுகிறது: x < −1, அல்லது 0 < x < 1. 0-இல் 1/x-க்கு மதிப்பே இல்லாததால், குறி ≥ என்று மாறினாலும் 0 மட்டும் உள்ளே வராது. −1-உம் 1-உம் வரும்.